ஒரே உடம்பு, மூன்று கலோரிக் கணக்கு

கேள்வி: நான் 34 வயதுப் பெண். உயரம் 160 செ.மீ., எடை 68 கிலோ. உட்கார்ந்து பார்க்கும் வேலை. வாரத்தில் மூன்று நாள் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை கலோரி செலவாகிறது என்று மூன்று இணையதளங்களில் போட்டுப் பார்த்தேன். 1619, 1855, 2235 என்று மூன்று விடை வந்தது. இப்போது ஒரு செயலி, "துல்லியமான எண் வேண்டுமானால் சந்தா கட்டுங்கள்" என்கிறது. கட்டலாமா?

பதில்: இந்த ஒரு எண்ணுக்காகக் கட்ட வேண்டாம். சந்தா கேட்கும் செயலி உங்களிடம் என்னென்ன கேட்கிறது என்று பாருங்கள். வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா, எவ்வளவு உடற்பயிற்சி என்பதோடு நின்றுவிட்டால், இலவசத் தளத்துக்குத் தெரிந்ததுதான் அதற்கும் தெரியும். அதைவிடத் துல்லியமான விடை அதற்கு எங்கிருந்து கிடைக்கும்?

உங்கள் மூன்று எண்களையும் பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் எங்கே வருகிறது என்று தெரிந்துவிடும். இந்தத் தளங்கள் எல்லாமே இரண்டு படியில்தான் கணக்குப் போடுகின்றன. முதலில், அசையாமல் படுத்திருந்தாலும் மூச்சு, இதயம், மூளை, உடல் சூடு இவற்றுக்கு ஆகும் செலவு. இதுதான் பி.எம்.ஆர். எனப்படும் அடிப்படை வளர்சிதை மாற்ற வீதம். அப்புறம் அதை ஒரு நடமாட்டக் காரணியால் பெருக்கி ஒரு நாளின் மொத்தச் செலவாக்குகிறார்கள்.

முதல் படிக்கு இப்போது பலரும் பயன்படுத்துவது 1990-இல் வெளியான சூத்திரம். திரையில் Mifflin-St Jeor என்று இருக்கும். இதைக் கையாலேயே போடலாம்: எடையை 10-ஆல் பெருக்குங்கள், 680. உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், 1680. வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள், 1510. பெண் என்பதால் இன்னொரு 161-ஐக் கழித்தால் 1349. (ஆணாக இருந்தால் 161-ஐக் கழிப்பதற்குப் பதில் 5 கூட்ட வேண்டும்.) 1919-இல் வந்த Harris-Benedict என்ற பழைய சூத்திரத்தில் உங்களுக்கு 1442 வரும். எழுபது ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு சூத்திரங்களுக்கும் உங்கள் விஷயத்தில் 93 கலோரிதான் வித்தியாசம்.

இனி உங்கள் விடைகளைப் பாருங்கள். 1349-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 1619. அதே 1349-ஐ 1.375-ஆல் பெருக்கினால் 1855. பழைய சூத்திரத்தின் 1442-ஐ 1.55-ஆல் பெருக்கினால் 2235. கடைசி எண்ணுக்கும் முதல் எண்ணுக்கும் உள்ள 616 கலோரி இடைவெளியில் சூத்திரத்தால் வந்தது 144. மீதி 472-ம் நடமாட்டக் காரணியால் வந்தது. அதாவது, "வாரம் 1-3 நாள் பயிற்சி", "3-5 நாள் பயிற்சி" என்ற பட்டியலில் எதைத் தட்டினீர்கள், அல்லது தளமே எதை வைத்துக்கொண்டது என்பதுதான் விடையைத் தீர்மானித்திருக்கிறது. உங்கள் மூன்று நாள் நடை இரண்டு வரியிலுமே பொருந்துகிறது, கவனியுங்கள்.

அந்தப் பட்டியலை நான் நம்புவதில்லை. முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தால், சும்மா இருந்திருந்தாலும் ஆகியிருக்கும் செலவைக் கழித்த பிறகு உங்கள் எடைக்குச் சுமார் 125 கலோரி கூடுதலாகச் செலவாகும். வாரம் மூன்று முறை என்றால், ஏழு நாளுக்கும் பங்கிட்டால் தினம் 55 கலோரிக்குள்தான். ஆனால் பட்டியலில் ஒரு வரி கீழே இறங்கினாலே 236 கலோரி கூடிவிடுகிறது. நடையும் செலவுதான், ஆனால் அந்த எண்ணிக்கைக்கு அது ஈடாகாது.

அதற்காக 1.2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். அது நாள் முழுக்கக் கட்டிலிலோ நாற்காலியிலோ இருப்பவருக்கான அளவு. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில், உட்கார்ந்த வாழ்க்கைக்கான வரம்பே 1.40-இல்தான் தொடங்குகிறது. சமைப்பது, துவைப்பது, மாடி ஏறுவது, பிள்ளைகள் பின்னால் ஓடுவது என்று வேறு நடமாட்டம் நாள் முழுக்க இருக்கிறதே, அதுதான் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுகிறது. அதைப் பல தளங்கள் கேட்பதில்லை. ஆகவே தொடங்குவதற்கு 1855-ஐ வைத்துக்கொள்ளுங்கள். சூத்திரமே ஒருவருக்கு 10 சதவீதம் முன்னே பின்னே போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கொழுப்பு சதவீதம் காட்டும் எடைக்கருவியை இணைத்தால் துல்லியம் வரும் என்று அந்தச் செயலி சொன்னால், அதையும் சோதித்துப் பாருங்கள். அந்தக் கருவி உடலில் லேசான மின்னோட்டம் செலுத்தி, கிடைக்கும் தடையை வைத்து ஊகிக்கிறது. குடித்த தண்ணீருக்கு ஏற்ப அந்த அளவு மாறும். கொழுப்பைக் கழித்த எடையை வைத்துப் போடும் Katch-McArdle சூத்திரத்தில், கருவி 36 சதவீதம் என்றால் உங்கள் பி.எம்.ஆர். 1310. 31 சதவீதம் என்றால் 1383. நிஜமாகவே அளப்பது என்றால், வெறும் வயிற்றில் படுத்திருக்க, முகத்தின் மேல் மூடி வைத்து, உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளிவரும் கரியமில வாயுவையும் கணக்கிடும் ஆய்வகச் சோதனைதான். கைப்பேசியால் அது ஆகாது.

உங்கள் சொந்த எண்ணைக் காசில்லாமல் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, ஐந்து வாரம் பொறுமை வேண்டும். தினமும் காலையில் கழிப்பறை போய்வந்த பின், சாப்பிடும் முன் எடை பாருங்கள். ஒரு நாள் எடையைப் பொருட்படுத்தாமல் வாரச் சராசரி எடுங்கள். உப்பு, மாதவிடாய் நாட்கள் எல்லாம் எடையில் தண்ணீரை ஏற்றி இறக்கும் என்பதால்தான் நான்கு வார இடைவெளி தேவைப்படுகிறது. சாப்பிட்டதையும் எழுதி வாருங்கள், எண்ணெய் உட்பட. உதாரணத்துக்கு, முதல் வாரச் சராசரி 68.2 கிலோ, ஐந்தாம் வாரச் சராசரி 67.6 கிலோ, எழுதிய சாப்பாடு தினம் சராசரி 1750 கலோரி என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 0.6 கிலோ. ஒரு கிலோவுக்குச் சுமார் 7700 கலோரி என்றால் 4620. 28 நாளுக்குப் பங்கிட்டால் தினம் 165. அப்படியென்றால் உங்கள் செலவு தினம் சுமார் 1915.

எழுதும்போது எல்லோருமே கொஞ்சம் குறைத்துத்தான் எழுதுகிறோம். ஆனால் அடுத்த மாதமும் அதே பழக்கத்தில் எழுதினால், அந்தக் குறை இரண்டு பக்கமும் இருப்பதால் எண் பயன்படும். கைக்கடிகாரம் காட்டும் "பயிற்சியில் எரித்த கலோரி"யை மட்டும் இதன் மேல் கூட்டாதீர்கள். அந்த நடை ஏற்கெனவே 1915-க்குள் அடங்கியிருக்கிறது.

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், 18 வயதுக்கு உட்பட்டவர்கள், தைராய்டு கோளாறுக்கு மருந்து எடுப்பவர்கள் யாருக்கும் மேலே சொன்ன சூத்திரங்களை அப்படியே வைத்துச் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. அவர்கள் மருத்துவரையோ உணவியல் வல்லுநரையோ பார்த்துவிட்டே எதையும் செய்ய வேண்டும்.