ஜி மேஜரும் ஈ மைனரும்: சுருதி மாறினால் ராகம் மாறும்

கேள்வி: டர்பனில் மகள் யூனிசா பியானோ தியரி பரீட்சைக்குப் படிக்கிறாள். ஜி மேஜருக்கும் ஈ மைனருக்கும் ஒரே சுரங்கள்தானாம். அப்புறம் எதற்கு இரண்டு பெயர்? நோட்டைப் பார்த்து எது எது என்று எப்படிச் சொல்வது?

சாட்ஸ்வொர்த்தில் கோயில் பஜனைக்குக் கீபோர்டு வாசிக்கிறவன் நான். அதனால் சுருதிப் பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன். பெட்டியை ஜி-யில் வைத்து ஜி, ஏ, பி, சி, டி, ஈ, எஃப் ஷார்ப், ஜி என்று வாசிக்கச் சொல்லுங்கள். சங்கராபரணம் கேட்கும். இனி சுருதியை ஈ-க்கு மாற்றிவிட்டு, அதே கட்டைகளை ஈ-யிலிருந்து மேல் ஈ வரை வாசிக்கட்டும். நடபைரவி வந்துவிடும். நம் ஆட்கள் கிரகபேதம் என்பது இதைத்தான்.

காரணம் இடைவெளிகளில் இருக்கிறது. அரைச் சுரங்களாக எண்ணினால் மேஜரின் இடைவெளிகள் 2-2-1-2-2-2-1. ஈ அதில் ஆறாவது சுரம். அங்கிருந்து தொடங்கினால் கடைசி 2-1 முன்னால் வந்து, 2-1-2-2-1-2-2 ஆகிறது. இயற்கை மைனருக்கு வேண்டிய வரிசை அச்சாக இதுவே. இரண்டாவது சுரமான ஏ-யிலிருந்து தொடங்கினாலும் சின்ன காந்தாரம் கிடைக்கும்தான், ஆனால் தைவதம் அரைச் சுரம் ஏறி அது கரகரப்பிரியா ஆகிவிடும். எனவே ஒரு மேஜரோடு சுரங்களைப் பகிரும் மைனர், அதாவது அதன் ரிலேட்டிவ் மைனர், எப்போதும் ஆறாவது சுரத்தில்தான். மேஜரின் ஆதார சுரத்திலிருந்து மூன்று கட்டை (கறுப்பும் சேர்த்து) கீழே இறங்கினாலும் அதே இடம்தான்.

ஆனால் "ஒரே சுரங்கள்" என்பது இயற்கை மைனருக்கு மட்டுமே முழு உண்மை. ஈ-க்குக் கீழே உள்ள டி ஒரு முழுச் சுரம் தள்ளி நிற்பதால் ஈ-யை நோக்கி இழுக்கும் வேகம் அதற்குக் குறைவு. அதனால் டி-யை டி ஷார்ப்பாக ஏற்றி, பி, டி ஷார்ப், எஃப் ஷார்ப் சேர்ந்த கார்டிலிருந்து ஈ மைனருக்கு வந்து சேர்வார்கள். அப்போது அது கீரவாணியின் சுரவரிசை. இந்த ஷார்ப்பை வரியின் தொடக்கத்தில் வரும் கீ சிக்னேச்சரில் போடும் வழக்கம் இல்லை, பாட்டுக்குள்ளேயே சுரத்தின் பக்கத்தில்தான் எழுதுவார்கள். பரீட்சையில் மாட்டிவிடும் இடமும் இதுதான்.

ஆகவே கீ சிக்னேச்சரில் ஒரே ஒரு ஷார்ப் உள்ள நோட்டைக் கண்டால் மகள் முதலில் டி ஷார்ப்பைத் தேடட்டும். ஒன்று கண்ணில் பட்டதுமே முடிவு கட்டக்கூடாது, ஜி மேஜரிலும் அலங்காரமாக அது வந்து போகும். அது ஈ-க்கு ஏறுகிறதா, வரி முடியும்போது இடது கை ஈ-யில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மெட்டின் முதல் சுரத்தை நம்ப வேண்டாம்: ஜி-யும் பி-யும் இரண்டு ஆதாரக் கார்டிலும் உண்டு. கடைசி பேஸ் சுரம் பெரும்பாலும் ஏமாற்றாது, நடுவில் கீ மாறியிருந்தாலும்கூட.