பனோரமா குழுப்படத்தில் இழுபடும் முகங்கள்

கேள்வி: ஹட்டனில் லயத்து முற்றத்தில் சொந்தக்காரர் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி போனில் பனோரமா எடுத்தேன். சிலரின் முகம் இழுபட்டுக் கோணலாக இருக்கிறது. எப்படித் தவிர்ப்பது?

பதில்: முதலில் படத்தைப் பெரிதாக்கி, கோணலான முகத்தின் அருகே, அதே தூரத்தில் இருக்கும் பெஞ்சு போன்ற அசையாத ஒரு பொருளைப் பாருங்கள். பெஞ்சு நேராக இருந்து முகம் மட்டும் சிதைந்திருந்தால் அவர் அசைந்திருக்கிறார். கேமரா தம்மைக் கடக்கும்வரை அசையாமல் நிற்கச் சொன்னால் போதும்.

பெஞ்சும் உடைந்திருந்தால் காரணம் உங்கள் கைதான். கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பைத் திருப்பும்போது லென்ஸும் பக்கவாட்டில் நகர்கிறது. தூரத்துத் தேயிலை மலை அதனால் மாறித் தெரியாது. ஆனால் இரண்டு மீட்டரில் நிற்பவர் மலைக்கு எதிரே இடம் மாறித் தெரிவதால், போன் பட்டை பட்டையாக எடுக்கும் படங்களை இணைக்கும் மென்பொருள் இரண்டையும் ஒருசேரப் பொருத்த முடியாமல் முகத்தைப் பிய்த்துவிடுகிறது. ஆகவே லென்ஸுக்கு நேர்கீழே தரையில் ஒரு கல்லை வைத்து, லென்ஸ் அதைவிட்டு விலகாதபடி நீங்கள் போனைச் சுற்றி நகருங்கள். முற்றம் இடம்கொடுத்தால் நான்கைந்து மீட்டர் பின்வாங்குங்கள்.

நேர்வரிசையும் வேண்டாம். அதில் நடுவில் நிற்பவர் பெரிதாகவும் ஓரத்தவர் சிறிதாகவும் விழுவார்கள். அந்தக் கல்லிலிருந்து எல்லோரும் சம தூரத்தில் இருக்கும்படி பிறைபோல் நிறுத்துங்கள். முற்றம் மிக ஒடுக்கமானால் இந்த முறையாலும் முழுமையாகச் சரிவராது. அப்போது இரண்டு வரிசையாக நெருக்கி நிறுத்திச் சாதாரணப் படமாக எடுப்பதே நல்லது.