மினிட்ஸ்ல இல்லாதத நியூஸ்லெட்டர்ல எழுதலாமா?

கேள்வி: சார், எங்க சங்கத்து நியூஸ்லெட்டர்ல கூட்டத்தோட சுருக்கம் எழுதுற வேலைய என்கிட்ட குடுத்திருக்காங்க. அப்ரூவ் ஆன மினிட்ஸ்ல இருக்கறத மட்டும் வெச்சு எளிமையா எழுதுங்கன்னு செக்ரட்டரி சொல்றாரு. ஆனா போன கூட்டத்துல நானே உக்காந்திருந்தேன், டிராஃப்ட்ட பாத்தா பாதி விஷயம் அதுல இல்ல. அது இன்னும் அப்ரூவும் ஆகல. மெம்பர்ஸ் இப்பவே என்ன நடந்துச்சுன்னு கேக்குறாங்க. எனக்கு தெரிஞ்சத சேத்து எழுதிடலாமா?

பதில்: வேண்டாங்க. உங்க செக்ரட்டரி சொல்றது சரி.

நீங்க கூட்டத்துல இருந்ததுதான் இங்க சிக்கலே. நேர்ல இருந்தவங்க மனசுல யாரு சத்தமா பேசினாங்க, யாரு கோச்சுக்கிட்டு எழுந்து போனாங்கங்கறதுதான் பெருசா நிக்கும், கடைசியில என்ன முடிவாச்சுங்கறது மங்கிடும். மினிட்ஸ் அதுக்கு நேர் எதிர். யாரு என்ன பேசினாங்கன்னு எழுதற டைரி இல்ல அது, கூட்டம் என்ன செஞ்சுச்சுன்னு பதியற ஏடு. முக்கால் மணி நேரம் வாக்குவாதம் நடந்து ஒரே ஒரு தீர்மானம் நிறைவேறியிருந்தா மினிட்ஸ்ல ஒரு வரிதான் இருக்கும், அது குறையில்ல, அப்படித்தான் இருக்கணும். அதனால பாதி விஷயம் இல்லன்னு நீங்க சொல்றதுல பெரும்பகுதி வேணும்னே விட்டதா இருக்கும்.

ஒருவேளை ஓட்டு எடுத்து நிறைவேத்தின ஒரு தீர்மானமே விட்டுப்போயிருக்குன்னு வைங்க. அது நிஜமான தப்பு, ஆனா அத சரி பண்ற இடம் நியூஸ்லெட்டர் இல்ல. அடுத்த கூட்டத்துல முந்தைய மினிட்ஸ எடுத்துவெச்சு திருத்தம் ஏதாவது இருக்கான்னு தலைவர் கேப்பாரு, அப்ப கைய தூக்கி சொல்லுங்க. நிறைய கமிட்டில இந்த அயிட்டத்த அரை நிமிஷத்துல எல்லாரும் தலைய ஆட்டி முடிச்சிடறாங்க, ஒருத்தர் கூட படிச்சிருக்க மாட்டாங்க, அப்புறம் மூணு மாசம் கழிச்சு நான் அப்படி சொல்லவே இல்லையேன்னு சண்டை போடுவாங்க. பாத்து பாத்து அலுத்துப்போச்சு. படிக்காம கைய தூக்கினது யாரு?

சரி, அப்ரூவ் ஆகாத விஷயத்துக்கு வர்றேன். செக்ரட்டரி டைப் பண்ணி எல்லாருக்கும் அனுப்புறது டிராஃப்ட், அது அவரோட குறிப்பு, அவ்ளோதான். அடுத்த கூட்டம் அத ஏத்துக்கிட்டு, திருத்தம் இருந்தா போட்டு, தலைவர் கையெழுத்து போட்டு தேதியும் போட்டப்புறம்தான் அது சங்கத்தோட பதிவு ஆகுது. ஆக உங்க சுருக்கம் எப்பவும் ஒரு கூட்டம் பின்னாடிதான் ஓடும். மெம்பருக்கு அது புரியணும்னா மேல ரெண்டு தேதி போடுங்க, கூட்டம் நடந்த தேதி ஒண்ணு, மினிட்ஸ் அப்ரூவ் ஆன தேதி ஒண்ணு. இந்த ஒத்த வரி இருந்தாலே ஏன் பழைய கதைய எழுதறீங்கன்னு வர்ற கேள்வில பாதி நின்னுடும். அவசரமா தெரியவேண்டியது, அதாவது கடைசி நாள், வேலை நடக்கற நேரம் இந்த மாதிரி விஷயத்த செக்ரட்டரி தன் பேர்ல தனி அறிவிப்பா அனுப்பட்டும், அது உங்க சுருக்கத்துல வரவேண்டாம்.

இதுல ஒரு குழி இருக்கு. உங்க மெயில்ல இருக்கற ஃபைல் பெரும்பாலும் டிராஃப்ட்டாதான் இருக்கும். கூட்டத்துல திருத்தம் சொல்லி அப்ரூவ் பண்ணியிருப்பாங்க, ஆனா யாரும் அந்த ஃபைல மாத்தி திரும்ப அனுப்பியிருக்க மாட்டாங்க, திருத்தம் அடுத்த கூட்டத்து மினிட்ஸ்ல ஒரு ஓரத்துல மட்டும் கிடக்கும். அதனால மெயில்ல இருக்கறத நம்பாதீங்க, கையெழுத்தான காப்பிய கேளுங்க, கூடவே அடுத்த கூட்டத்து மினிட்ஸ்ல திருத்தம்னு ஏதாவது பதிவாகியிருக்கான்னும் கேளுங்க.

வருஷாந்திர பொதுக்கூட்டத்த மட்டும் தனியா சொல்லணும், ஏன்னா இங்கதான் இந்த விதி மூச்ச அடைக்கும். பொதுக்கூட்டத்து மினிட்ஸ பொதுக்கூட்டமே அப்ரூவ் பண்ணணும்னு விட்டுட்டா அடுத்தது ஒரு வருஷம் கழிச்சுதான வரும்? அதுவரைக்கும் நீங்க எதுவும் எழுத முடியாது, புது நிர்வாகிங்க யாருன்னு கூட ஒரு வருஷம் பழைய செய்தியாத்தான் போடணும். இதுக்கு வழி இருக்கு. பொதுக்கூட்டம் முடியறதுக்கு முன்னாடியே, இந்தக் கூட்டத்தோட மினிட்ஸ சரிபார்த்து அப்ரூவ் பண்ற அதிகாரத்த நிர்வாகக் குழுவுக்கோ, இதுக்குன்னு போடற ரெண்டு மூணு பேருக்கோ குடுக்கறோம்னு அங்கயே ஒரு தீர்மானம் போட்டுடணும். அப்ப சில வாரத்துல அப்ரூவ் ஆன காப்பி கைக்கு வந்துடும். உங்க விதிமுறைல இது பத்தி என்ன எழுதியிருக்குன்னு முதல்ல பாருங்க, தடை எதுவும் இல்லன்னா அடுத்த பொதுக்கூட்டத்து அஜெண்டாலயே இத ஒரு அயிட்டமா போடச் சொல்லுங்க. கூட்டம் கலைஞ்சப்புறம் கமிட்டியா பாத்து நாங்களே அப்ரூவ் பண்ணிக்கிறோம்னு சொன்னா ஒத்துக்காதீங்க, குடுக்காத அதிகாரத்த அவங்களே எடுத்துக்க முடியாது. முடிவு அறிவிச்ச தேர்தல பத்தி மட்டும் தேர்தல் அதிகாரி கையெழுத்து போட்ட தாள் தனியா இருந்தா அத அவர் பேர்லயே அறிவிப்பா போடலாம், சுருக்கத்துக்குள்ள கலக்காதீங்க.

இப்ப எளிமையா எழுதறது எப்படின்னு ஒரு உதாரணத்தோட பாக்கலாம். மினிட்ஸ்ல இப்படி ஒரு பத்தி இருக்குன்னு வைங்க:

"மேற்கூரை பழுது குறித்த துணைக்குழுவின் அறிக்கை பெறப்பட்டது. மூன்று நிறுவனங்களிடமிருந்து விலைப்புள்ளி பெற்று அடுத்த கூட்டத்தில் சமர்ப்பிக்கச் செயலாளருக்கு அதிகாரம் அளித்துத் தீர்மானிக்கப்பட்டது. ஆதரவு 14, எதிர்ப்பு 5, நடுநிலை 2."

இத பாத்துட்டு கூரை வேலைக்கு கமிட்டி ஓகே சொல்லிடுச்சுன்னு எழுதறவங்கதான் அதிகம். அது அப்பட்டமான தப்பு. அறிக்கை பெறப்பட்டதுன்னா வாங்கி வெச்சுக்கிட்டாங்கன்னு மட்டும்தான் அர்த்தம், அதுல சொன்னதுக்கு சம்மதிச்சாங்கன்னு இல்ல. ஏற்கப்பட்டதுன்னு இருந்தா கதை வேற. அதே மாதிரி விலைப்புள்ளி வாங்க அனுமதி குடுக்கறது வேற, வேலைய குடுக்கறது வேற. இங்க செலவுக்கு ஒத்த ரூபா கூட ஒதுக்கல. நான் எழுதினா இப்படி எழுதுவேன்:

"மேற்கூரை பழுது பத்தி துணைக்குழு குடுத்த அறிக்கைய கூட்டம் பெற்றுக்கொண்டது. மூணு நிறுவனங்ககிட்ட கொட்டேஷன் வாங்கி அடுத்த கூட்டத்துல வைக்க செயலாளருக்கு அதிகாரம் குடுத்திருக்காங்க. 14 பேர் ஆதரவு, 5 பேர் எதிர்ப்பு, 2 பேர் நடுநிலை. வேலைய யாருக்கு குடுக்கறதுன்னோ எவ்வளவு செலவுன்னோ இந்தக் கூட்டத்து மினிட்ஸ்ல முடிவு எதுவும் இல்ல."

அந்த கடைசி வரிய கவனிங்க, அது புது தகவல் இல்ல, மினிட்ஸ்ல எது இல்லயோ அத இல்லன்னு சொல்றது. படிக்கறவங்க தானா ஒரு முடிவ கற்பனை பண்ணிக்கற இடத்துல மட்டும் இப்படி ஒரு வரி போடுங்க. அந்த 5 பேர் ஏன் எதிர்த்தாங்கன்னு உங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கும், ஆனா மினிட்ஸ்ல காரணம் இல்லன்னா உங்க சுருக்கத்துலயும் காரணம் இல்ல. பெரும்பான்மையா, ஏகமனதா, சூடான விவாதத்துக்கு அப்புறம், இந்த மாதிரி அடைமொழி எதையும் நீங்களா சேக்காதீங்க. 14க்கு 5ன்னு எண்ணிக்கைய போட்டா போதும், அத மிஞ்சி எந்த வார்த்தையும் தேவையில்ல. ஒத்திவைக்கப்பட்டதுன்னு இருந்தா எந்த கூட்டத்துக்குன்னு பாத்து எழுதுங்க, தேதி குறிக்காம விட்டிருந்தா தேதி குறிக்கலன்னே எழுதுங்க. ஒரு மெம்பர் மேல புகார், பாக்கி, இந்த மாதிரி தனிப்பட்ட விஷயம் மினிட்ஸ்லயே இருந்தாலும் பேர் போடாதீங்க.

இனிமே சொல்றதத்தான் ரொம்ப கவனமா கேக்கணும். இந்த மாதிரி கொட்டேஷன் நிலைல இருக்கற விஷயத்துல உங்கள தேடி ஒருத்தர் வருவாரு. வேலை எடுக்கற கம்பெனிக்காக பேசற ஆளா இருக்கலாம், கமிட்டிலயே ஒருத்தருக்கு வேண்டியவரா இருக்கலாம். நல்லவிதமா பேசுவாரு, எங்க பேரத்தான் எல்லாரும் சொன்னாங்க, நீங்களும் கேட்டீங்கல்ல, சும்மா ஒரு வரி போட்டுடுங்க, மெம்பர்ஸுக்கு நம்பிக்கையா இருக்கும்பாரு. அந்த ஒரு வரி அச்சாயிட்டா அத கட் பண்ணி எடுத்துக்கிட்டு, உங்க நியூஸ்லெட்டர்லயே எங்க பேர் வந்திருக்கேன்னு அடுத்த கூட்டத்துல வந்து உக்காருவாரு. மத்த ரெண்டு கம்பெனிக்காரங்க முடிவு ஆயிடுச்சு போலன்னு நினைச்சு கொட்டேஷனே குடுக்க மாட்டாங்க. ஓட்டு போடறதுக்கு முன்னாடியே ஓட்டு முடிஞ்சமாதிரி ஆயிடும். நியூஸ்லெட்டரோட செலவ நாங்களே பாத்துக்கறோம்னு யாராவது சொன்னா இன்னும் உஷாராகுங்க, அவங்க விளம்பரத்த கூட்டத்து சுருக்கம் இருக்கற பக்கத்துல வைக்கவே விடாதீங்க.

இன்னொரு வகை ஆளும் உண்டு. ரெக்கார்டிங்க அனுப்புங்க, நாங்களே கேட்டு அழகா சுருக்கம் எழுதி டிசைனும் பண்ணித் தர்றோம்னு காசு வாங்கறவங்க. அவங்களுக்கு கூட்டத்துல பேசினது எல்லாமே ஒண்ணுதான், ஒருத்தர் யோசனையா சொன்னதும் கூட்டம் தீர்மானிச்சதும் ஒரே பத்தில வந்து நிக்கும். வடிவமைப்ப வேணா அவங்ககிட்ட குடுங்க, எழுத்த குடுக்காதீங்க, ரெக்கார்டிங்க கண்டிப்பா குடுக்காதீங்க.

இவங்க எல்லாருக்கும் சொல்ல உங்ககிட்ட ஒரே பதில் போதும்: எந்த நம்பர் அயிட்டத்துல இது இருக்குன்னு காட்டுங்க, போடறேன். இத உங்களுக்கும் வெச்சுக்கங்க. எழுதும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கு பக்கத்துலயும் மினிட்ஸோட அயிட்டம் நம்பர பென்சில்ல குறிங்க, நம்பர் குறிக்க முடியாத வாக்கியம் எதுவா இருந்தாலும் அடிச்சிடுங்க, அது உண்மையாவே இருந்தாலும் சரி. மினிட்ஸ்ல இல்லாதத இல்லன்னு சொல்ற வரிக்கு மட்டும் அது சேர்ந்த அயிட்டம் நம்பர போட்டுக்கங்க. அப்புறம் கூட்டத்துக்கே வராத ஒரு மெம்பர்கிட்ட குடுத்து படிக்கச் சொல்லி, கூரை விஷயத்துல என்ன முடிவாச்சுன்னு கேளுங்க. இன்னும் முடிவாகல, கொட்டேஷன் கேட்டிருக்காங்கன்னு அவர் சொன்னா அச்சுக்கு அனுப்பலாம். வேலைய குடுத்துட்டாங்கன்னு சொன்னா அந்த பத்திய திரும்ப எழுதுங்க.