75,000 ரூபாய்க்கு முன்னால் நிற்கும் சின்னச் சொல்

கேள்வி: யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தியில் ஒட்டியிருந்த ஆங்கில வேலை விளம்பரத்தைத் தம்பி போனில் படம் எடுத்து வந்தான். கணக்கு உதவியாளர் வேலை, சம்பளம் 75,000 என்கிறான். அம்மாவுக்கும் விளங்கத் தமிழில் எழுதித் தர வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 75,000 என்பதற்கு முன்னால் சின்ன எழுத்தில் ‘அப் டு’ என்று இருக்கிறது. அதற்குக் கீழே, வெளிச்சம் பட்டு மங்கிய வரியில், வரவுக் கொடுப்பனவும் ஊக்கத்தொகையும் உட்பட என்று இருக்கிறது. ஆகவே ‘சம்பளம் 75,000’ என்று எழுதினால் பிழை. ‘கொடுப்பனவுகள் எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 75,000 வரை’ என்று எழுதுங்கள். அடிப்படைச் சம்பளம் படத்தில் இல்லை. அதைப் போனில் கேட்கத்தான் வேண்டும்.

ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், அடிப்படை 40,000, வரவுக் கொடுப்பனவு 10,000, ஊக்கத்தொகை 25,000 வரை என்று அவர்கள் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தம்பியின் பங்கு 8 வீதம். அதை அடிப்படையில் மட்டும் கணக்கிட்டால் 3,200 போய், கையில் 36,800. லீவு எடுக்காமல் வரவுக் கொடுப்பனவும் கிடைத்தால் 46,800. மிச்சம் ஊக்கத்தொகையைப் பொறுத்தது. வீட்டில் 75,000 என்று நம்பிக் கடன் தவணை போட்டுவிட்டால் பாடு பெரிது.

விளம்பரத்தில் சேமலாப நிதி, நம்பிக்கை நிதியம் பற்றி இருக்கும் வரியை ‘சலுகை’ என்று மொழிபெயர்க்காதீர்கள். முதலாளி சேமலாப நிதிக்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் தன் பணத்தில் கட்ட வேண்டும் என்பது சட்டம். இவை தம்பியின் சம்பளத்தில் கழிபடாது.

தகைமை வரிதான் எனக்கு அதிகம் கவலை தந்தது. ‘கிரெடிட் பாஸ்’ என்பதை வெறும் ‘சித்தி’ என்று எழுதினால், எஸ் எடுத்த பிள்ளையும் வீணாக விண்ணப்பிக்கும். அது ‘திறமைச் சித்தி’, அதாவது குறைந்தது சி. உயர்தரத்தில் ‘ஒரே அமர்வில்’ என்றால் பாடங்கள் மூன்றும் ஒரே தடவையில் எழுதிச் சித்தியடைந்திருக்க வேண்டும். தம்பி இரண்டாம் தடவைதான் தேறினான் என்றாலும், அந்தத் தடவையில் மூன்றும் சித்தி என்றால் பரவாயில்லை. பயந்து விட்டுவிட வேண்டாம்.

அனுபவத்துக்குப் பக்கத்தில் ‘பிரிஃபர்ட்’ என்று இருக்கிறது. அது ‘இருந்தால் நல்லது’, கட்டாயம் அல்ல. வயது 30-க்குக் கீழ் என்பது பொதுவாக முடிவுத் திகதியன்று பார்க்கப்படும், விண்ணப்பிக்கும் நாளில் அல்ல. அந்தத் திகதியின் இரண்டாவது இலக்கம் படத்தில் 1-ஆ 7-ஆ என்று எனக்குத் தெரியவில்லை. ஊகித்து எழுதாமல், தம்பியைத் திரும்பவும் சந்திக்கு அனுப்பி, வெயில் சாய்ந்தபின் இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.