பெட்டி மூச்சில் கடைசி 4 எண்ணும்போது திணறுது

"5 எண்ணி இழுத்து 5 எண்ணி விடுறது எனக்குப் பழக்கம். ஆனா 4 இழுத்து, 4 நிறுத்தி, 4 விட்டு, 4 நிற்கிற பெட்டி மூச்சை, 4-4-4-4 எண்டு செய்தா, வெறும் நெஞ்சோட நிற்கிற இடத்தில திணறி வாயால மூச்சை விழுங்கிறன். ஏன்?" (கல்முனை)

தம்பி, கணக்கைப் பாருங்க. உங்கட பழைய முறையில ஒரு சுற்று 10 செக்கன், நிமிசத்துக்கு 6 மூச்சு. பெட்டியில ஒரு சுற்று 16 செக்கன், 4 மூச்சுக்கும் குறைவு. ஒரே தாவலாத் தாவியிருக்கிறீங்க. காற்றை விட்டபிறகு நுரையீரல்ல கையிருப்பு குறைவு, கரியமிலவாயு ஏற ஏற உடம்பு இழு இழு எண்டு கேக்கும்.

அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் சுருக்குங்க. 4 இழுத்து, 2 நிறுத்தி, 4 விட்டு, 1 நிற்க, மொத்தம் 11 செக்கன்தான். நிறுத்தும்போது தொண்டையைப் பூட்டாதீங்க, இழுக்காம மட்டும் இருங்க. அடுத்த மூச்சு மூக்கால சத்தமில்லாம வந்தா அளவு சரி. தோள் தூக்கினா அளவு கூடிப்போச்சு. நாலைஞ்சு நாள் அப்படி ஓடினாப் பிறகு 4-3-4-2. நானும் 4-4-4-2க்கு மேல போகயில்ல, அதுவே போதும்.

பெட்டி சதுரமா இருக்கோணும் எண்டு சட்டமில்ல. இருதய வருத்தமோ பிரசரோ இருந்தா மூச்சை நிறுத்திப் பிடிக்காம, பழைய 5-5ஓட இருங்க. கடல்லயோ வாவியிலயோ குளிக்கேக்க மட்டும் செய்து பார்க்காதீங்க.