சைலன்சரை மாற்றும் முன் ஓட்டை எங்கே என்று பாருங்கள்

"நேற்று வரை அமைதியாக ஓடிய கார் இன்று லாரி மாதிரி உறுமுகிறது. சைலன்சர் துருப்பிடித்திருக்கிறது. அதை மாற்றினால் போதுமா?"

அவசரப்படாதீர்கள், துரு கண்ணில் படுகிற இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்றில்லை. காரைத் திறந்தவெளியில் நிறுத்தி, இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யுங்கள். ஒருவர் கனமான ஈரத்துணியால் பின்குழாய் வாயை இரண்டு மூன்று நொடி அழுத்திப் பிடிக்கட்டும். கசியும் இடத்தில் 'புஸ்' என்று சீறும். காருக்கு அடியில் படுக்க வேண்டாம், பக்கவாட்டில் குனிந்து கேட்டாலே போதும்.

சீறல் பின்பக்கம் என்றால் சைலன்சர்தான். நடுவில் என்றால், குழாய்கள் இணையும் இடத்தில் கசியாமல் அடைக்கும் ஜாயின்ட் கேஸ்கெட். அந்த இணைப்பின் விளிம்பான ஃபிளாஞ்சைச் சுற்றிக் கரிக்கோடு படிந்திருக்கும். முன்னால் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் குறைந்தால், இன்ஜின் புகையை வாங்கிக் குழாய்க்கு அனுப்பும் மேனிஃபோல்டின் விரிசலோ அதன் கேஸ்கெட்டோ. உலோகம் விரிந்து இடைவெளியை மூடிவிடுவதால் அப்படிக் குறைகிறது. அங்கே கசியும் புகை கேபினுக்குள் வரலாம், சரிசெய்யும்வரை ஓட்டாதீர்கள்.