இங்கே பேக் பண்ணினால் இந்தியப் பழமா?

கேள்வி: என் பெரிய மகளுக்கு ரத்தசோகை என்பதால் தினமும் பேரீச்சம்பழம் கொடுக்கிறேன். ஆன்லைனில் வாங்கிய அரை கிலோ பாக்கெட்டின் முன்னால் ‘அரேபியன் டேட்ஸ்’ என்று இருக்கிறது. பின்னால் ‘பேக்டு அண்ட் மார்க்கெட்டட் பை’ என்று ஒரு சென்னை முகவரி, கீழே ‘பேக்டு இன் இந்தியா’. வாங்கிய ஆப்பில் ‘கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்: இந்தியா’ என்று போட்டிருக்கிறார்கள். போன் செய்து கேட்டால், “இங்கே பேக் பண்ணினா இந்தியப் பொருள்தான் மேடம்” என்கிறார்கள். சட்டம் அப்படித்தான் சொல்கிறதா? வழக்கு போடலாமா? லேபிளின் போட்டோவை அனுப்பியிருக்கிறேன். – ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: சட்டம் அப்படிச் சொல்லவில்லை. போனில் பேசியவர் இரண்டு வெவ்வேறு விஷயங்களை ஒன்றாக்கிவிட்டார்.

லேபிளில் வரும் ஒவ்வொரு சொல்லும் ஒரு தனிக் கேள்விக்குப் பதில். ‘மார்க்கெட்டட் பை’, ‘டிஸ்ட்ரிபியூட்டட் பை’ என்றால் யார் விற்கிறார், குறை இருந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று அர்த்தம். அந்த முகவரி அண்ணா சாலையில் இருந்தாலும் லண்டனில் இருந்தாலும் உள்ளே இருக்கும் பழம் எங்கே விளைந்தது என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ‘பேக்டு இன்’ என்றால் எந்த ஊரில் பைக்குள் போட்டு ஒட்டினார்கள் என்று மட்டும்தான். பொருள் எந்த நாட்டுடையது என்பதைச் சொல்பவை ‘மேட் இன்’, ‘புராடக்ட் ஆஃப்’, ‘கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்’ ஆகியவை. உங்கள் பாக்கெட்டில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. லேபிளில் நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

சரி, பிறப்பிட நாட்டை எப்படி முடிவு செய்வது? 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் ஒழுங்குமுறை விதிகளில் இதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. ஒரு உணவு இரண்டாவது நாட்டில் பதப்படுத்தப்பட்டு அதன் தன்மையே மாறினால்தான், அந்த இரண்டாவது நாடு பிறப்பிடம் ஆகும். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் லேபிள் தரத்திலும் இதே வாசகம்தான். ‘தன்மை மாறுதல்’ என்ற அந்த இரண்டு சொற்களில்தான் உங்கள் வழக்கு முழுவதும் நிற்கிறது.

பத்து கிலோ அட்டைப்பெட்டியில் வந்த பழத்தைப் பிரித்து, கழுவி, தரம் பார்த்து, அரை கிலோ பையில் போடுகிறார்கள். உள்ளே போனதும் பேரீச்சம்பழம், வெளியே வந்ததும் பேரீச்சம்பழம். தன்மை மாறவில்லை. கொட்டையை எடுத்தாலும் மாறவில்லை என்பதுதான் என் கருத்து. ஆனால் அதே பழத்தை வேகவைத்துப் பிழிந்து வடிகட்டி, காய்ச்சி சிரப் ஆக்கினால் கதை வேறு. அந்தப் பாட்டிலில் ‘மேட் இன் இந்தியா’ என்று போட்டால் நான் குறை சொல்ல மாட்டேன், பழம் ஈராக்கிலிருந்து வந்திருந்தாலும்.

நடுவில் சந்தேகத்துக்கு இடமான பொருள்களும் உண்டு. மியான்மரிலிருந்தோ மொசாம்பிக்கிலிருந்தோ முழுத் துவரையாக வந்து, இங்கே ஆலையில் தோல் நீக்கி உடைத்து துவரம்பருப்பாகிறது. ஆலைக்காரர் தன்மை மாறியது என்பார், வாங்குகிறவர் அதே தானியம்தானே என்பார். எந்தப் பொருளுக்கு எது தன்மை மாற்றம் என்ற பட்டியல் விதிகளில் இல்லை. அமெரிக்காவில் 1986இல் ஒரு ஆரஞ்சு ஜூஸ் வழக்கு நடந்தது. வெளிநாட்டிலிருந்து கெட்டியாக்கி வந்த ஆரஞ்சுச் சாற்றில் தண்ணீர், ஆரஞ்சு எண்ணெய், மணம் எல்லாம் சேர்த்து அங்கே ஜூஸ் தயாரித்தார்கள். சாற்றின் அடிப்படைத் தன்மை மாறவில்லை, எனவே சாறு வந்த நாட்டின் பெயரைப் போட வேண்டும் என்று அங்குள்ள சர்வதேச வர்த்தக நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அவ்வளவு வேலை செய்த பொருளுக்கே அந்த நிலை என்றால், பையில் போட்டு ஒட்டியதை வைத்து இந்தியப் பழம் என்று வாதாடுவது கடினம்.

உண்மையிலேயே இந்தியப் பழமாக இருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கலாம். குஜராத்தின் கட்ச் பகுதியில் நிறைய விளைகிறது, நம் தருமபுரியிலும் சில விவசாயிகள் போட்டிருக்கிறார்கள். ஆனால் அங்கெல்லாம் பழம் மரத்திலேயே பழுத்துச் சுருங்குவதற்குள் மழை வந்துவிடும். அதனால் பெரும்பாலும் மஞ்சளாகவோ சிவப்பாகவோ, கடித்தால் மொறுமொறுவென்று இருக்கும் பருவத்திலேயே குலையோடு வெட்டி விற்கிறார்கள். உங்கள் போட்டோவில் தெரிவது பழுப்பு நிறத்தில் தோல் சுருங்கி, ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கும் பழம். அது இறக்குமதிச் சரக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். இது வலுவான சந்தேகம்தான், நிரூபணம் அல்ல. அதனால்தான் கீழே சொல்லும் கடிதம் அவசியம்.

வெளிநாட்டில் உற்பத்தியான உணவை இந்தியாவில் பேக் செய்து விற்றால், லேபிளில் பிறப்பிட நாடு, இறக்குமதியாளரின் பெயர், முழு முகவரி, பேக் செய்த இடம் ஆகிய எல்லாம் இருக்க வேண்டும். உங்கள் பாக்கெட்டில் பேக் செய்த இடம் மட்டும் இருக்கிறது. ‘பேக்டு இன் இந்தியா’ பொய் இல்லை, உண்மைதான். அதோடு சேர்ந்து வர வேண்டிய மற்ற இரண்டும் இல்லாததுதான் குறை. ஆப்பின் விஷயம் வேறு. அங்கே பிறப்பிடம் இந்தியா என்று நேராகவே சொல்லியிருக்கிறார்கள். பழம் இறக்குமதி என்றால் அது தவறான தகவல். பாக்கெட்டின் தவறு விடுபட்டது, ஆப்பின் தவறு சொன்னது. புகாரில் இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

போட்டோவில் இருக்கும் இரண்டு எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்கோடு 890 என்று தொடங்குவதால் இந்தியப் பொருள் என்று பலர் நம்புகிறார்கள். அந்த எண்ணை வாங்கிய நிறுவனம் இந்தியாவில் பதிவு செய்திருக்கிறது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. இன்னொன்று 14 இலக்க உணவு உரிம எண். உங்கள் பாக்கெட்டில் அது 124 என்று தொடங்குகிறது, அதாவது தமிழ்நாட்டில் மாநில அளவில் கொடுத்த உரிமம். இறக்குமதி செய்கிறவர் மத்திய உரிமம் வைத்திருக்க வேண்டும், அது 100 என்று தொடங்கும். ஆக, பாக்கெட்டில் இருப்பது பேக் செய்தவரின் எண், பழத்தை வரவழைத்தவர் வேறொருவர் என்று எடுத்துக்கொள்ளலாம். foscos.fssai.gov.in தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யார் பெயரில், எந்தத் தொழிலுக்கு என்று தெரியும். அந்தப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பிறப்பிட நாட்டைப் பற்றி ஏன் இவ்வளவு பேச வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். பேரீச்சம்பழ வியாபாரத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது. பாகிஸ்தான் பொருள்களுக்கு 2019 பிப்ரவரியில் 200 சதவீத வரி விதித்தார்கள். 2025 மே 2ஆம் தேதி, வேறு நாடு வழியாக வந்தாலும் கூடாது என்று இறக்குமதியையே தடை செய்தார்கள். அடுத்த மாதமே மும்பை அருகே நவ சேவா துறைமுகத்தில் வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் 39 கன்டெய்னர்களைப் பறிமுதல் செய்தது. அவற்றில் இருந்த காய்ந்த பேரீச்சை ஐக்கிய அரபு அமீரகத்துச் சரக்கு என்று ஆவணங்களில் காட்டப்பட்டிருந்தது. பாகிஸ்தானிலிருந்து துபாய்க்குப் போய், அங்கே கன்டெய்னர் மாற்றி வந்த சரக்கு என்பது இயக்ககத்தின் குற்றச்சாட்டு. துறைமுகம் மாறினாலோ பெட்டி மாறினாலோ பிறப்பிடம் மாறாது என்பதுதான் அங்கேயும் அடிப்படை. உங்கள் பாக்கெட்டில் அப்படி நடந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நாட்டின் பெயரை மறைப்பதில் லாபம் இருக்கக்கூடிய வியாபாரம் இது என்பதால், அந்த ஒரு வரியை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை.

இனி செய்ய வேண்டியது. பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். கொஞ்சம் பழத்தோடு அப்படியே மடித்து வையுங்கள். பேட்ச் எண், தேதி தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுங்கள். ஆப்பின் அந்தப் பக்கத்தைத் தேதியோடு இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஏனென்றால் புகார் போன மறுநாளே அதைத் திருத்திவிடுவார்கள். பில்லும் வேண்டும்.

அப்புறம் பாக்கெட்டில் உள்ள சென்னை முகவரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இந்த பேட்ச்சில் உள்ள பழம் எந்த நாட்டில் விளைந்தது, இறக்குமதி செய்தவர் யார், சுங்கத்தில் தாக்கல் செய்த இறக்குமதிப் பட்டியலில் பிறப்பிடமாக எந்த நாடு இருக்கிறது என்ற மூன்று கேள்விகள் போதும். ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். ‘அரேபியன்’ என்ற சொல்லை முதன்மைப் புகாராக வைக்காதீர்கள். அது ஒரு ரகத்தைக் குறிக்கும் பெயர் என்று அவர்கள் தப்பித்துக்கொள்ள இடம் உண்டு. பழம் ஈரானுடையது என்று தெரியவந்தால், அப்போது அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பதில் வராவிட்டாலோ மழுப்பினாலோ, லேபிள் குறைக்கு மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலரிடம் புகார் கொடுங்கள். தவறான லேபிளோடு விற்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பழத்தை லேபுக்கு அனுப்பிப் பரிசோதிக்க வேண்டுமே என்று கவலைப்படாதீர்கள். இங்கே லேபிளே சாட்சி. ஆவணங்களை வரவழைத்துப் பார்க்கும் அதிகாரமும் துறைக்கு உண்டு. நீங்கள் கேட்டால் கொடுக்காத இறக்குமதிக் காகிதத்தை அவர்கள் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும்.

ஆப்பில் போட்ட தகவலைச் சட்டமுறை எடையளவுப் பிரிவு கவனிக்கும். நம் மாநிலத்தில் அது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. இறக்குமதிப் பொருளென்றால் எந்த நாடு என்பதை ஆன்லைனில் காட்ட வேண்டும் என்பது விதி. விற்பனையாளர் கொடுத்த தகவலைத்தான் போட்டோம் என்று ஆப் நிறுவனம் சொல்லும், சந்தைத் தளமாக மட்டும் இருப்பவர்களுக்கு விதியிலேயே அந்தப் பாதுகாப்பு ஓரளவு உண்டு. அதனால் விற்பனையாளர், ஆப் நிறுவனம் இருவர் பெயரையும் புகாரில் சேருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் பதிவு செய்தால், பணத்தைத் திருப்பிக் கொடுப்பதோடு பல புகார்கள் முடிந்துவிடுகின்றன.

வழக்கைப் பற்றிக் கேட்டீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடலாம். இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது, இவ்வளவு சிறிய தொகைக்கு நீதிமன்றக் கட்டணமும் கிடையாது, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். பழத்தைச் சாப்பிட்டு மகளுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்றால், பெரிய இழப்பீடு கிடைக்காது. பாக்கெட்டின் விலையும் வழக்குச் செலவும் ஓரளவு மன உளைச்சலுக்கான தொகையும் கிடைக்கலாம். லேபிளைத் திருத்த வேண்டும் என்று உத்தரவு கேட்பதுதான் இந்த வழக்கில் உருப்படியான பலன், மனுவில் அதை முதல் கோரிக்கையாக வையுங்கள்.

மகளுக்கு அதே பழத்தைத் தொடர்ந்து கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நாட்டின் பெயர் இல்லை என்பதற்காகப் பழம் கெட்டது என்று ஆகிவிடாது. அடுத்த முறை வாங்கும்போது ‘கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்’ வரியும் இறக்குமதியாளர் முகவரியும் இரண்டும் உள்ள பாக்கெட்டாக எடுங்கள். கடிதத்துக்குப் பதில் வந்தால் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள், அதைப் பார்த்துவிட்டுப் புகாரின் வாசகத்தைச் சொல்கிறேன்.